பல் எடுப்பதற்கான ஒப்புதல் படிவம்: கையெழுத்திடும் முன் பெரியவர்கள் கேட்கும் கேள்விகள்

பல்லைத்தானே எடுக்கப் போகிறார்கள், அதற்கு எதற்குக் கையெழுத்து?

எடுத்த பல்லைத் திரும்ப வைக்க முடியாது என்பதுதான் முதல் காரணம். பல்லில் நிரப்பியது பிடிக்கவில்லை என்றால் அதை நீக்கிவிட்டு வேறு நிரப்பலாம்; பல்லை எடுத்த பிறகு அந்த முடிவைத் திருத்த வழியில்லை. ஆகவே எந்தப் பல், ஏன், அதற்கு மாற்று என்ன, எடுத்தால் என்ன நேரலாம், எடுக்காவிட்டால் என்ன நேரும் என்ற ஐந்தையும் மருத்துவர் உங்களிடம் பேசி, அது உங்களுக்குப் புரிந்து, நீங்கள் சரி என்று சொன்னதற்கான எழுத்துப் பதிவுதான் அந்தப் படிவம். பேச்சு நடக்காமல் நாற்காலியில் சாய்ந்த பிறகு நீட்டப்படும் தாளில் இடும் கையெழுத்து, சட்டத்தின் கண்ணில் எப்படியோ, மருத்துவத்தின் கண்ணில் ஒப்புதல் ஆகாது. கையெழுத்து மருத்துவரைக் காப்பாற்றுவதற்காக என்றும், அதைப் போட்டுவிட்டால் பிறகு எதையும் கேட்க முடியாது என்றும் பலர் நினைக்கிறார்கள். கவனக்குறைவாகச் செய்யப்பட்ட சிகிச்சையை எந்தக் கையெழுத்தும் சரியாக்கிவிடாது.

படிவத்தில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

அச்சடித்த வரிகளை விடக் கையால் நிரப்பிய இடங்களைப் பாருங்கள். அச்சடித்தது எல்லோருக்கும் பொது; உங்களைப் பற்றிய செய்தி நிரப்பிய இடங்களில்தான் இருக்கிறது.

இந்தப் பக்கம் முழுவதும் ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். 54 வயதுள்ள ஒருவருக்குக் கீழ்த்தாடையின் வலப்பக்க முதல் கடைவாய்ப்பல் பிளந்துவிட்டது. கடித்தால் மின்னல் போல வலிக்கிறது. எட்டு மாதங்களுக்கு முன் அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் என்ற இரண்டு மாத்திரைகளை நாள்தோறும் எடுக்கிறார். புகைபிடிக்கும் பழக்கமும் உண்டு.

அவருடைய படிவத்தில் "கீழ் வலது கடைவாய்ப்பல்" என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது, ஏனென்றால் அங்கே ஞானப்பல்லையும் சேர்த்து மூன்று கடைவாய்ப்பற்கள் இருக்கலாம். பல் மருத்துவர்கள் வாயை நான்கு பகுதிகளாகப் பிரித்து இரண்டு இலக்க எண் கொடுக்கிறார்கள்: முதல் இலக்கம் பகுதியையும், இரண்டாம் இலக்கம் முன் நடுவிலிருந்து எண்ணும்போது அது எத்தனையாவது பல் என்பதையும் குறிக்கும். அவருடைய பல்லின் எண் 46. இந்த எண்ணும் "கீழ் வலது முதல் கடைவாய்ப்பல்" என்ற சொற்களும் சேர்ந்தே எழுதப்பட்டிருப்பது நல்லது. ஒன்றில் பிழை நேர்ந்தால் மற்றது காட்டிக்கொடுக்கும். ஊசி போடுவதற்கு முன் கண்ணாடியைக் கையில் வாங்கி அந்தப் பல்லை விரலால் தொட்டுக் காட்டுங்கள். தவறான பல்லை எடுத்துவிடும் விபத்து உலகமெங்கும் நடந்துகொண்டுதான் இருக்கிறது, அதைத் தடுக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

அடுத்து, காரணம். "வலி" என்பது காரணம் ஆகாது, அது அறிகுறி. "பல் நீளவாக்கில் பிளந்து, விரிசல் வேர்கள் பிரியும் இடம்வரை இறங்கியிருக்கிறது" என்பதுதான் காரணம்.

பல்லை எடுக்காமல் காப்பாற்ற வழியே இல்லையா? மாத்திரை போட்டுப் பார்க்கலாமா?

எடுக்கச் சொல்லப்படும் பற்களில் ஒரு பகுதியைக் காப்பாற்ற முடியும், ஆனால் எதைக் காப்பாற்றலாம் என்பது சொத்தையின் ஆழத்தை விட, மிஞ்சியிருக்கும் பல்லின் உறுதியைப் பொறுத்தது. சொத்தை பல்லின் உள்ளே இருக்கும் நரம்புவரை போய்விட்டாலும், ஈறுக்கு மேலே போதுமான சுவர் நின்று, வேரைச் சுற்றி எலும்பும் நன்றாக இருந்தால், வேர் சிகிச்சை செய்து, அதன்மேல் உறை போட்டுப் பல ஆண்டுகள் வைத்துக்கொள்ளலாம். அதற்குச் செலவும் கூடுதல், ஒன்றுக்கு மேற்பட்ட முறை வரவேண்டியும் இருக்கலாம், எல்லாச் சமயத்திலும் அது வெற்றி பெறுவதும் இல்லை. இந்த மூன்றையும் படிவம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நம் எடுத்துக்காட்டில் உள்ளவருக்கு வேர் சிகிச்சை பயன்படாது. விரிசல் அடிவரை இறங்கிவிட்ட பல்லில் உள்ளே எவ்வளவு சுத்தம் செய்தாலும் கிருமிகள் விரிசல் வழியாகத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். அப்படியானால் "மாற்று சிகிச்சை" என்ற வரியை வெறுமனே அடித்துவிடக் கூடாது. "வேர் சிகிச்சை இந்தப் பல்லுக்குப் பொருந்தாது, விரிசல் அடிவரை போயிருக்கிறது" என்று எழுத வேண்டும்.

ஒன்றும் செய்யாமல் விடுவதும் ஒரு மாற்றுதான், அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. வலி சில வாரங்கள் அடங்கிக் கூடப் போகலாம். ஆனால் வேரின் நுனியில் சீழ் கட்டுவதும், அது ஒருநாள் கன்னத்திலோ தாடைக்கு அடியிலோ வீக்கமாக வெளிப்படுவதும் எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆன்டிபயாட்டிக் மாத்திரை பரவும் வீக்கத்தை அப்போதைக்கு அடக்கும்; பல்லுக்குள் இருக்கும் காரணத்தை அது தொடாது, ஏனென்றால் செத்துப்போன பல்லுக்குள் இரத்த ஓட்டமே இல்லாததால் மருந்து அங்கே போய்ச் சேர்வதில்லை.

ஊசி போட்ட பிறகும் வலித்தால் என்ன செய்வது?

இடக்கையை உயர்த்துங்கள், மருத்துவர் நிறுத்துவார். வலியும் அழுத்தமும் வேறு வேறு: ஊசி வலியைத்தான் மரக்கச் செய்யும், அழுத்தம், ஆட்டம், எலும்பின் வழியே காதில் கேட்கும் சத்தம் ஆகியவை தெரியத்தான் செய்யும். சுரீரென்று குத்தினால் அது வலி, இன்னொரு ஊசி தேவை. கீழ்த்தாடையின் பின்பற்களுக்கு நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்திலேயே மருந்து செலுத்துவார்கள், அதனால் அந்தப் பக்கத்து உதடும் நாக்கின் பாதியும் சேர்ந்து மரத்துப்போகும். பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு மணி நேரம் அப்படி இருக்கும். இந்த வகை ஊசிக்குப் பட்டினியாக வரவேண்டியதில்லை. சாப்பிட்டுவிட்டு வருவதே நல்லது, சர்க்கரை நோய் உள்ளவர்கள் கட்டாயம் சாப்பிட்டு, தங்கள் மருந்தையும் வழக்கம்போல் எடுத்துக்கொண்டு வரவேண்டும். மயக்க மருந்தோ தூக்கம் தரும் மருந்தோ கொடுத்துப் பல் எடுப்பதாக இருந்தால் விதி வேறு, அதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆபத்துகளின் பட்டியலைப் படித்தால் பயமாக இருக்கிறது. இவையெல்லாம் எனக்கு நடக்குமா?

எல்லாம் நடக்காது. பட்டியலின் குறையே அதுதான், ஏறக்குறைய உறுதியாக வரும் ஒன்றையும் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பார்க்காத ஒன்றையும் ஒரே அளவு எழுத்தில் அடுத்தடுத்து எழுதிவிடுகிறது.

வலி, சிறிது வீக்கம், எச்சிலில் சிவப்பு, வாயைத் திறக்கச் சற்று இறுக்கம் ஆகியவற்றை ஆபத்து என்றே சொல்லக் கூடாது, அவை காயம் ஆறும் வழி. வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கும். பக்கத்துப் பல்லின் உறையோ நிரப்பியதோ பெயர்வது, வேர் உடைவது, கிருமித் தொற்று, பல் இருந்த குழியில் இரத்தக் கட்டி நிலைக்காமல் போகும் உலர்குழி ஆகியவை எப்போதாவது நேர்பவை.

அரிதானவை எந்தப் பல் என்பதைப் பொறுத்து மாறும், இதை மட்டும் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். மேல்தாடையின் பின்பற்களுக்கு மேலே காற்று நிறைந்த சைனஸ் அறை இருக்கிறது. பல்லை எடுக்கும்போது வாய்க்கும் அந்த அறைக்கும் இடையே துளை விழலாம், பிறகு குடிக்கும் தண்ணீர் மூக்கு வழியே வருவது அதன் அடையாளம். கீழ்த்தாடை ஞானப்பல்லின் வேர்களுக்கு அருகே உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்வு தரும் நரம்பும், உள்பக்கத்தில் நாக்கின் நரம்பும் ஓடுகின்றன. அவை நசுங்கினால் அந்த இடம் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் மரத்துக் கிடக்கும். மிகச் சிலருக்கு அது நிரந்தரமாகவே நின்றுவிடும். முகம் கோணாது, உணர்வுதான் குறையும். ஞானப்பல்லின் வேர் நரம்பை ஒட்டியிருப்பது எக்ஸ்ரேயில் தெரிந்தால், தகுந்த பற்களில் மேல்பகுதியை மட்டும் வெட்டி எடுத்து வேரை உள்ளேயே விட்டுவிடும் முறையும் உண்டு. நம் 46ஆம் எண் பல்லுக்கு இந்த நரம்பு ஆபத்து ஞானப்பல்லை விடக் குறைவு. அவருடைய படிவத்தில் அடிக்கோடிட வேண்டியவை வேறு இரண்டு: இரத்தக் கசிவு, உலர்குழி.

இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். நிறுத்திவிட்டு வரட்டுமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். கேள்வி பல்லைப் பற்றியது போலத் தோன்றினாலும் அபாயம் இருப்பது இதயத்தில். ஸ்டென்ட் வைத்தவர் அந்த மாத்திரைகளை இடையில் விட்டால் ஸ்டென்டுக்குள்ளேயே இரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். பல் குழியில் கசியும் இரத்தத்தையோ அழுத்தியும் தைத்தும் நிறுத்த முடியும், ஏனென்றால் அது கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. எனவே ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் எடுப்பவருக்கு அவற்றை நிறுத்தாமலேயே ஒரு பல்லை எடுப்பதுதான் இன்று பரவலாகப் பின்பற்றப்படும் முறை.

அவருக்காகச் செய்யும் மாற்றங்கள் எல்லாம் பல் எடுக்கும் பக்கத்தில்தான். காலை நேரத்தில், வாரத் தொடக்கத்தில் நாள் குறிப்பார்கள், இரவிலோ விடுமுறையிலோ மீண்டும் கசிந்தால் பார்க்க ஆள் இல்லாமல் போகக் கூடாது என்பதற்காக. குழிக்குள் இரத்தம் உறைய உதவும் பஞ்சு போன்ற பொருளை வைத்து ஈறைத் தைப்பார்கள். கசிவு நின்றதைப் பார்த்த பிறகே வீட்டுக்கு அனுப்புவார்கள். அவருடைய படிவத்தில் இப்படி ஒரு வரி இருக்கும்: "நான் எடுக்கும் இரண்டு மாத்திரைகளால் இரத்தம் நிற்க வழக்கத்தை விட அதிக நேரம் ஆகலாம் என்றும், அவற்றை நிறுத்துவது அதைவிடப் பெரிய ஆபத்து என்றும் எனக்கு விளக்கப்பட்டது." இந்த வரியைப் படிப்பவருக்குத் தான் எதற்கு ஒப்புக்கொள்கிறோம் என்பது தெரியும். "இரத்தப்போக்கு ஏற்படலாம்" என்ற அச்சு வரியில் அது தெரியாது.

வார்ஃபரின் எடுப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு படி உண்டு. ஐஎன்ஆர் என்ற இரத்தப் பரிசோதனையைப் பல் எடுப்பதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் பார்ப்பது நல்லது. அது 4க்குக் கீழே இருந்தால் பொதுவாக மருந்தை நிறுத்தாமல் பல்லை எடுக்கலாம். புதிய வகை மாத்திரைகளில் சிலவற்றுக்கு அன்று காலை வேளையைத் தள்ளிப்போடச் சொல்லலாம், ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

வேறு எந்த மருந்தைச் சொல்ல மறக்கக் கூடாது?

எலும்புத் தேய்மானத்துக்காக எடுப்பவற்றை. வாரம் ஒருமுறை விழுங்கும் மாத்திரையாகவோ, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்லது ஆண்டுக்கு ஒருமுறை போடும் ஊசியாகவோ இருப்பதால், "நாள்தோறும் என்ன மருந்து எடுக்கிறீர்கள்?" என்ற கேள்விக்கு யாரும் அவற்றைச் சொல்வதில்லை. அலெண்ட்ரோனேட், சோலெட்ரோனிக் அமிலம், டெனோசுமாப் ஆகியவை அந்த வகை. இவை எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வேகத்தைக் குறைப்பதால், பல் எடுத்த குழி ஆறாமல் தாடை எலும்பு வெளியே தெரிந்துகொண்டே இருக்கும் நிலை சிலருக்கு வருகிறது. எலும்புத் தேய்மானத்துக்காக எடுப்பவர்களுக்கு அது அரிது. புற்றுநோய்க்காக அதே மருந்துகளை அதிக அளவில் எடுப்பவர்களுக்கு அதிகம். தலை, கழுத்துப் பகுதிக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றிருந்தால், அது எத்தனை ஆண்டுகளுக்கு முன் நடந்திருந்தாலும் சொல்லுங்கள்.

வேர் உள்ளே உடைந்துபோனால், என்னைக் கேட்காமலேயே ஈறைக் கிழிப்பார்களா?

அதற்கான அனுமதியை முன்கூட்டியே படிவத்தில் கேட்டிருக்க வேண்டும். பிளந்த பல்லில் வேர் உடைவது எதிர்பார்க்கக்கூடிய ஒன்று, ஆகவே "தேவைப்பட்டால் ஈறைச் சிறிது விலக்கி, வேரைச் சுற்றிக் கொஞ்சம் எலும்பை எடுத்து, பிறகு தையல் போடப்படும்" என்ற வரி இருந்தால், வாய் மரத்துக் கிடக்கும்போது அவசரமாகப் பேச வேண்டிய நிலை வராது. தொற்று இல்லாத சிறு வேர் நுனியைத் தோண்டி எடுப்பது நரம்பையோ சைனஸையோ காயப்படுத்தும் என்று தோன்றினால், அதை அங்கேயே விட்டுவிடுவதும் சரியான முடிவுதான். ஆனால் விட்டதை உங்களிடம் சொல்ல வேண்டும், குறிப்பேட்டிலும் எழுத வேண்டும்.

அனுமதி கொடுக்காத இன்னொரு பல்லை, அதுவும் கெட்டுப்போயிருந்தாலும், அதே சமயத்தில் எடுக்கக் கூடாது.

வீட்டுக்குப் போன பிறகு இரத்தம் வந்தால்?

முதலில், எது இரத்தக் கசிவு என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு துளி இரத்தம் வாய் நிறைய எச்சிலைச் சிவப்பாக்கிவிடும். முதல் நாள் முழுவதும் எச்சில் இளஞ்சிவப்பாக இருப்பது இயல்பு. கெட்டியான சிவப்பு வாயில் திரும்பத் திரும்ப நிறைந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

அப்போது நிமிர்ந்து உட்காருங்கள். சுத்தமான காஸ் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, கெட்டியாக மடித்து, குழியின் மேலேயே வைத்து, 30 நிமிடம் கடிகாரத்தைப் பார்த்து அழுத்திக் கடியுங்கள். பக்கத்துப் பற்களின் நடுவே துணி சும்மா நிற்பதும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பதும்தான் இது பலிக்காமல் போவதற்கு வழக்கமான காரணங்கள். சரியாகக் கடித்தும் நிற்கவில்லை என்றால் பல் மருத்துவமனையை அழையுங்கள், அது மூடியிருந்தால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

முதல் 24 மணி நேரம் வாய் கொப்பளிக்காமல், காறித் துப்பாமல், உறிஞ்சுகுழலில் குடிக்காமல், புகைபிடிக்காமல், மது அருந்தாமல் இருக்கச் சொல்வது எல்லாம் ஒரே காரணத்துக்காக: குழியில் உறைந்திருக்கும் இரத்தக் கட்டிதான் உங்கள் கட்டு. மறுநாளிலிருந்து ஒரு குவளை வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புக் கலந்து, சாப்பிட்ட பிறகு மெதுவாக வாயில் வைத்திருந்து ஒழுகவிடுங்கள். மற்ற பற்களை முதல் நாள் இரவே துலக்கலாம்.

வலிக்கு, மரப்பு இறங்குவதற்கு முன்பே முதல் மாத்திரையை எடுங்கள். ஈரல் நோய் இல்லாத, உடல் எடை மிகக் குறைவாக இல்லாத பெரியவர் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் ஒன்று அல்லது இரண்டை ஆறு மணி நேர இடைவெளியில் எடுக்கலாம். ஒரு நாளில் எட்டு மாத்திரையைத் தாண்டக் கூடாது. சளி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் இருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். ஐபுபுரூஃபென் பல் வலிக்கு நன்றாகவே கேட்கும், ஆனால் நம் எடுத்துக்காட்டில் உள்ளவருக்கு அது கூடாது, ஏற்கெனவே எடுக்கும் இரண்டு மாத்திரைகளோடு சேர்ந்து கசிவைக் கூட்டும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, மருந்தால் கூடும் ஆஸ்துமா உள்ளவர்களும் கேட்காமல் அதை எடுக்கக் கூடாது.

இரண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் காதுவரை வலிக்கிறது. ஏதாவது தப்பு நடந்துவிட்டதா?

பெரும்பாலும் இது டிரை சாக்கெட் எனப்படும் உலர்குழி. இரத்தக் கட்டி கரைந்தோ பெயர்ந்தோ போய், குழியின் எலும்பு வெறுமையாகத் தெரிகிறது. அடையாளம் வலியின் போக்கில் இருக்கிறது: ஆறும் காயத்தில் வலி நாளுக்கு நாள் குறையும், உலர்குழியில் குறைந்த வலி இரண்டாம் நாள் முதல் நான்காம் நாளுக்குள் திரும்பிக் கூடுகிறது. வாய் நாறும், கசக்கும். காய்ச்சலோ சீழோ பெரிய வீக்கமோ இருக்காது. கீழ்த்தாடைப் பின்பற்களிலும், புகைபிடிப்பவர்களிடமும் இது அதிகம். நம்மவருக்கு இரண்டும் பொருந்துகின்றன, அதனால்தான் அவர் படிவத்தில் இதை அடிக்கோடிடச் சொன்னேன். மருத்துவர் எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தாலும் இது வரலாம்.

இதற்கு ஆன்டிபயாட்டிக் தேவையில்லை. குழியை உப்புக் கரைசலால் கழுவி, வலி அடக்கும் மருந்து தோய்ந்த கட்டை உள்ளே வைப்பார்கள், பலருக்கு அன்றே வலி பெரிதும் குறைந்துவிடும். கட்டைச் சில முறை மாற்ற வேண்டியிருக்கும், ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கும்.

எப்போது காத்திருக்காமல் ஓட வேண்டும்?

விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம், நாக்கு மேலே தூக்கிக்கொள்வது, வீக்கம் தாடைக்கு அடியில் கழுத்தை நோக்கி இறங்குவது, கண்ணை மூடும் அளவுக்கு ஏறுவது: இவற்றுக்குப் பல் மருத்துவமனை திறக்கும்வரை காத்திருக்காதீர்கள், நேரே பொது மருத்துவமனைக்குப் போங்கள். மூன்றாம் நாளுக்குப் பிறகும் வளரும் வீக்கம், 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், மறுநாளும் போகாத மரப்பு ஆகியவற்றை அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கையெழுத்துப் போட்ட பிறகு மனம் மாறினால்?

ஊசி போட்ட பிறகுகூட வேண்டாம் என்று சொல்லலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. பல் பாதி அசைந்து நிற்கும்போது மட்டும், அப்படியே விட்டால் என்ன ஆகும் என்பதை மருத்துவர் ஒரு நிமிடம் சொல்லக் கேளுங்கள். சில சமயம் முடித்துவிடுவதே பாதுகாப்பானதாக இருக்கும். கையெழுத்திட்ட நாளுக்கும் பல் எடுக்கும் நாளுக்கும் இடையில் புதிய மருந்து தொடங்கியிருந்தாலோ, கருவுற்றிருந்தாலோ, வலி வேறு பல்லுக்கு மாறியிருந்தாலோ, பழைய படிவத்தை வைத்துத் தொடராமல் மறுபடி பேசிப் புதிதாக எழுதச் சொல்லுங்கள். ஒரு நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், இரவு பத்து மணிக்கு எச்சில் சிவக்கும்போது தேவைப்படும் தொலைபேசி எண் அதில்தான் இருக்கும்.